இருநூற்று ஐம்பதாவது பிரதி

ஒரே வேலையை இரண்டு இயந்திரங்கள் செய்யும். ஒன்றைத் தொடங்கவே பெரும் செலவாகும். ஓட ஆரம்பித்துவிட்டால் ஒவ்வொரு பொருளையும் மலிவாகத் தந்துகொண்டே இருக்கும். மற்றொன்றைத் தொடங்க அநேகமாகச் செலவே இல்லை. ஆனால் முதல் பொருளுக்கு ஆன செலவு ஆயிரமாவது பொருளுக்கும் குறையாமல் ஆகும். சிறிய எண்ணிக்கைக்கு இரண்டாவது இயந்திரமும் பெரிய எண்ணிக்கைக்கு முதலாவதும் ஏற்றது என்பதைக் கணக்குப் போடாமலே சொல்லிவிடலாம். சிறியது எங்கே முடிகிறது, பெரியது எங்கே தொடங்குகிறது என்பதற்குத்தான் கணக்கு வேண்டும். இரண்டு இயந்திரங்களிலும் மொத்தச் செலவு சரிசமமாக வரும் அந்த எண்ணிக்கையைச் செலவுச் சமப்புள்ளி எனலாம். வணிகவியல் பாடத்தில் வரும் லாப நட்டமில்லாப் புள்ளியிலிருந்து இது வேறுபட்டது. அங்கே விற்பனை வரவும் செலவும் சந்திக்கின்றன. இங்கே சந்திப்பவை இரண்டு செலவுகள்; பொருள் என்ன விலைக்கு விற்கிறது என்பதற்கு இதில் இடமில்லை.

தமிழில் புத்தகம் போடும் ஒவ்வொரு பதிப்பகமும் இந்தக் கணக்கை இன்று தினந்தோறும் எதிர்கொள்கிறது. கையெழுத்துப் பிரதி தயாரானதும் எழும் முதல் கேள்வி ஆஃப்செட்டா, பிஓடியா என்பதுதான். கேட்கும்போதே அடிக்கும் டிஜிட்டல் முறைக்குப் பதிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் பிஓடி. புத்தகத்தையே எடுத்துக்கொண்டால் கணக்கின் எல்லா மூலைகளையும் பார்த்துவிடலாம். 160 பக்கம், டெம்மி அளவு, உள்ளே கறுப்பு மையில் எழுத்து மட்டும், நான்கு வண்ண அட்டை என்று ஒரு நாவலை வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக முழு எண்களாக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், அச்சகத்துக்கு அச்சகம் அவை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் ஆஃப்செட். ஒரு டெம்மி தாளின் ஒரு பக்கத்தில் புத்தகத்தின் எட்டுப் பக்கங்கள் அடங்கும். இருபுறமும் அடித்து மடித்தால் பதினாறு பக்கம். அதுதான் ஒரு ஃபாரம். 160 பக்கத்துக்குப் பத்து ஃபாரம். ஃபாரம் ஒன்றுக்கு முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டு அலுமினிய பிளேட் வேண்டும். ஆக இருபது பிளேட். கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட்டில் பதித்து வாங்க ஒன்றுக்கு 300 ரூபாய் என்றால் 6,000 ரூபாய் ஆகிறது. ஒரு பிரதி அடித்தாலும் இருபது பிளேட்தான், பத்தாயிரம் பிரதி அடித்தாலும் அதே இருபதுதான்.

பிளேட் வந்த கையோடு அச்சு ஓடிவிடாது. அச்சகத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த அரைமணி நேரம் தெரியும். மெஷின்மேன் பழைய பிளேட்டைக் கழற்றி, புதியதைச் சிலிண்டரில் சுற்றிக் கவ்வவைத்து முறுக்குகிறார். மையும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று இணங்கி வரும்வரை இயந்திரத்தை மெதுவாக ஓட்டுகிறார். முதலில் விழும் தாள்களில் எழுத்து வெளிறிக் கிடக்கும். இல்லாவிட்டால் ஓரங்களில் கறுப்பு படரும். ஒரு தாளை உருவி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முன்பக்கத்து வரியும் பின்பக்கத்து வரியும் ஒன்றன்மேல் ஒன்று உட்காருகிறதா என்று பார்ப்பார். ஒரு திருகை இம்மி அளவு திருப்புவார், மறுபடியும் ஓட்டுவார். ஃபாரம் ஒன்றுக்கு நூறு தாளாவது இப்படிக் கழிவில் போய்விடும். இந்த ஏற்பாட்டுக்கு மேக்ரெடி என்று பெயர். பிளேட் ஒன்றுக்கு இயந்திர நேரமும் ஆள் நேரமும் சேர்த்து 350 ரூபாய் என்றால் இருபதுக்கு 7,000. கழிவாகும் ஆயிரம் தாளுக்கு, தாள் 2 ரூபாய் வீதம், 2,000. அட்டைக்கு நான்கு வண்ணத்துக்கும் நான்கு பிளேட், அவற்றின் மேக்ரெடி, கழிவு எல்லாமாக 3,000. கூட்டினால் 18,000 ரூபாய். விற்கக்கூடிய ஒரு தாள்கூட இன்னும் விழவில்லை. அதற்குள் ஆன செலவு இது. ஆஃப்செட்டின் மாறாச் செலவு என்பது இந்தத் தொகைதான்.

அதற்குப் பிறகு நிலைமை தலைகீழாகிறது. பிரதி ஒன்றுக்குப் பத்துத் தாள், 20 ரூபாய். இருபது இம்ப்ரெஷனுக்கு, ஒன்று 25 காசு வீதம், 5 ரூபாய். அட்டையின் தாளும் லேமினேஷனும் 5 ரூபாய். மடித்து, அடுக்கி, பசை போட்டு, ஓரம் வெட்டித் தர 10 ரூபாய். மொத்தம் 40 ரூபாய். ஒவ்வொரு பிரதிக்கும் திரும்பத் திரும்ப ஆவது இது; இதுதான் மாறும் செலவு.

டிஜிட்டல் இயந்திரத்தில் பிளேட் என்ற ஒன்றே கிடையாது. ஜெராக்ஸ் நிறுவனம் 1990இல் கொண்டுவந்த டாக்குடெக் இயந்திரம் முதலே இந்த முறையின் அடிப்படை மாறவில்லை. பக்கத்தின் உருவம் ஒளியால் டிரம்மில் எழுதப்படுகிறது, அதில் டோனர் தூள் ஒட்டுகிறது, தாளுக்கு மாறுகிறது, சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்கிறது. அடுத்த பக்கத்துக்கு டிரம் துடைக்கப்பட்டு மறுபடியும் எழுதப்படும். ஆகவே முதல் தாளே விற்பனைக்குரிய தாள். கோப்பைச் சரிபார்த்து ஒரு மாதிரிப் பிரதி எடுக்க 500 ரூபாய், அத்தோடு மாறாச் செலவு முடிந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாக எழுத வேண்டியிருப்பதால் ஒவ்வொரு பக்கத்துக்கும் டோனர், டிரம் தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஒரு கட்டணம் விழுகிறது. தொழிலில் இதைக் கிளிக் என்பார்கள். கிளிக் 40 காசு என்றால் 160 பக்கத்துக்கு 64 ரூபாய். தாள் அதே 20 ரூபாய். அட்டை 12, பைண்டிங் 14. பிரதிக்கு 110 ரூபாய்.

இனி சமப்புள்ளியைக் கண்டுபிடிக்க இயற்கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆஃப்செட் ஒரு கடனோடு பந்தயத்தைத் தொடங்குகிறது. 18,000-க்கும் 500-க்கும் உள்ள வித்தியாசமான 17,500 ரூபாய்தான் அந்தக் கடன். ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு பிரதியிலும் 110-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசமான 70 ரூபாயை அது மிச்சம் பிடிக்கிறது. எத்தனை பிரதியில் கடன் தீரும்?

```
(18000 - 500) / (110 - 40) = 17500 / 70 = 250
```

சரிபார்ப்பது எளிது. 250 பிரதிக்கு ஆஃப்செட்டில் 18,000-மும் 10,000-மும் சேர்ந்து 28,000 ரூபாய். டிஜிட்டலில் 500-மும் 27,500-மும் சேர்ந்து அதே 28,000. நூறு பிரதி போதும் என்றால் ஆஃப்செட் 22,000 கேட்கும், டிஜிட்டல் 11,500-இல் முடித்துவிடும். ஆயிரம் பிரதி என்றால் ஆஃப்செட் 58,000, டிஜிட்டல் 1,10,500. விடையைக் கண்டதும் இப்படி இரண்டு மொத்தங்களையும் தனித்தனியே போட்டுப் பார்க்கும் பழக்கம் நல்லது. இரண்டும் சமமாக வராவிட்டால் ஏதோ ஒரு செலவு தவறான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

இந்தக் கணக்கில் மிக அதிகமாக நடக்கும் பிழை வகுத்தலில் நடப்பதல்ல, அதற்கு முன்பே நடந்துவிடுவது. அச்சகத்தில் விலை கேட்டால் பெரும்பாலும் ஒற்றை எண்தான் பதிலாக வரும். ஆயிரம் பிரதிக்கு விலை கேட்டவரிடம் ‘புத்தகம் 58 ரூபாய் ஆகும்’ என்பார்கள். அது உண்மையான விலைதான். ஆனால் அந்த 58-க்குள் 40 ரூபாய் மாறும் செலவும், 18,000-ஐ ஆயிரத்தால் வகுத்த 18 ரூபாயும் கலந்து கிடக்கின்றன. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இருநூறு பிரதிக்கு 11,600 ரூபாய் ஆகும் என்று பட்ஜெட் போட்டால் பில் 26,000 ரூபாய்க்கு வரும். கலந்த விலையிலிருந்து சமப்புள்ளியைக் கண்டுபிடிக்கவே முடியாது. 58-ஐயும் 110-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லா எண்ணிக்கையிலும் ஆஃப்செட்தான் மலிவு என்றே தோன்றும். கலவையைப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே அச்சகத்தில் இரண்டு எண்ணிக்கைகளுக்கு விலை கேட்டால் போதும். 500 பிரதிக்கு 38,000, ஆயிரத்துக்கு 58,000 என்று சொன்னால், கூடுதலான 500 பிரதிக்கு ஆனது 20,000; பிரதிக்கு 40. மீதி 18,000 தானே வெளிப்பட்டுவிடும். அச்சகத்தார் தம் செலவுக் கணக்கைக் காட்டாவிட்டாலும் இந்த வழியில் அதைப் படித்துவிடலாம்.

அடுத்து, சமப்புள்ளி எதனால் நகர்கிறது என்பது. பதிப்பாளர்கள் பேச்சில் அடிக்கடி வரும் குறை தாள் விலை ஏற்றம். தாள் 2 ரூபாயிலிருந்து 3 ரூபாய்க்கு ஏறிவிட்டது என்று வைப்போம். பாதிக்குப் பாதி ஏற்றம். புத்தகத்தின் அடக்க விலை கடுமையாக ஏறும், சந்தேகமில்லை. ஆனால் ஆஃப்செட்டிலும் பத்துத் தாள், டிஜிட்டலிலும் பத்துத் தாள். இரண்டு பக்கத்திலும் பத்துப் பத்து ரூபாய் ஏறுவதால் பிரதிக்கான வித்தியாசம் அதே 70 ரூபாயில் நிற்கிறது. மேக்ரெடியில் கழியும் ஆயிரம் தாளுக்கு மட்டும் 1,000 ரூபாய் கூடுகிறது. 18,500-ஐ 70-ஆல் வகுத்தால் 264. அவ்வளவு பெரிய விலை ஏற்றம் சமப்புள்ளியைப் பதினான்கு பிரதிதான் நகர்த்துகிறது. இரண்டு இயந்திரங்களுக்கும் பொதுவான செலவு, அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், எந்த இயந்திரம் என்ற தீர்மானத்தைத் தொடுவதில்லை. எழுத்தாளருக்கான ராயல்டி, மெய்ப்புத் திருத்தம், அட்டை ஓவியம் ஆகியவையும் அப்படித்தான். புத்தகத்தின் விலையை வைக்கும்போது அவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இந்த ஒப்பீட்டில் சேர்க்காவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது.

பக்க எண்ணிக்கை இன்னும் வியப்பானது. பெரிய புத்தகத்துக்கு ஆஃப்செட், சின்னப் புத்தகத்துக்கு பிஓடி என்று ஒரு நம்பிக்கை உண்டு. நாவல் 160 பக்கமாக இல்லாமல் 320 பக்கமாக இருந்தால் என்ன ஆகும்? பிளேட் நாற்பதாகும், மேக்ரெடியும் கழிவும் இரட்டிக்கும். அட்டைச் செலவு மட்டும் அப்படியே இருக்கும். மாறாச் செலவு 33,000-க்குப் போகும். மறுபுறம் கிளிக் கட்டணமும் இரட்டித்து 128 ரூபாய் ஆகும். அட்டையும் பைண்டிங்கும் மாறவில்லை என்றால் டிஜிட்டலில் பிரதிக்கு 194, ஆஃப்செட்டில் 65. கடன் 32,500, பிரதிக்கு மிச்சம் 129. வகுத்தால் 252. புத்தகம் இரட்டிப்பானதும் கடன் ஏறக்குறைய இரட்டித்தது, கடனை அடைக்கும் வேகமும் ஏறக்குறைய இரட்டித்தது, புள்ளி இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. 80 பக்கப் புத்தகத்துக்கு இதே கணக்கைப் போட்டாலும் 247 வரும். பிளேட்டும் பக்கத்தைப் பொறுத்தே கூடுகிறது, கிளிக்கும் பக்கத்தைப் பொறுத்தே கூடுகிறது. பார்க்க வேண்டியது எத்தனை பக்கம் என்பதை அல்ல, எத்தனை பிரதி என்பதைத்தான்.

புள்ளியை உண்மையாகவே நகர்த்துபவை ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் செலவுகள். கிளிக் 40 காசிலிருந்து 30 காசுக்கு இறங்கினால் பிரதிக்கான வித்தியாசம் 54 ரூபாயாகச் சுருங்கும், சமப்புள்ளி 324-க்கு ஏறும். கிளிக் 50 காசானால் 203-க்கு இறங்கும். எதிர்ப்பக்கத்திலும் இப்படித்தான். பிளேட்டைத் தானே மாட்டிக்கொள்ளும் புதிய ஆஃப்செட் இயந்திரத்தில் மேக்ரெடி 350-லிருந்து 150 ரூபாய்க்குக் குறைந்தால், இருபது பிளேட்டில் 4,000 மிச்சம். புள்ளி 193-க்கு வந்துவிடும். ஒவ்வொரு டிஜிட்டல் முன்னேற்றமும் புள்ளியை மேலே தள்ளுகிறது, ஒவ்வொரு ஆஃப்செட் முன்னேற்றமும் அதைக் கீழே இழுக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன் யாரோ சொன்ன எண்ணை இன்றும் வைத்திருப்பவர் தவறான இயந்திரத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

250 என்று வந்துவிட்டதற்காக 249-க்கு ஒரு தீர்ப்பு, 251-க்கு இன்னொரு தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. 230 பிரதிக்குத் தவறுதலாக ஆஃப்செட்டுக்குப் போய்விட்டால் இழப்பு இருபது பிரதிக்கு எழுபது ரூபாய் வீதம் 1,400 ரூபாய்தான். முப்பதாயிரத்தைத் தொடும் பில்லில் அது பெரிய தொகை அல்ல. மேலும், 17,500 என்ற கடன் தொகையே மதிப்பீடுதான். அது பத்து சதவீதம் முன்பின் ஆனால் புள்ளி 225-க்கும் 275-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஆகவே அதை ஒரு புள்ளியாக நினைப்பதைவிட இருநூறு முதல் முந்நூறு வரையான ஒரு பட்டையாக நினைப்பது சரி. பட்டைக்குள் விழும் எண்ணிக்கைக்கு, அச்சின் கறுப்பு யாருடையது ஆழமாக விழுகிறது, யார் புத்தகத் திருவிழாவுக்கு முன்னால் கொடுப்பார்கள், பணம் எப்போது கட்ட வேண்டும் என்பவற்றை வைத்தே முடிவெடுக்கலாம். பட்டைக்கு வெளியே நூறிலும் ஆயிரத்திலும் செலவுதான் பேசும்.

இதே கணக்கை அச்சகக்காரர் போடும்போது ஓர் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. அவரிடம் ஆஃப்செட், டிஜிட்டல் இரண்டும் ஏற்கெனவே நிற்கின்றன என்றால், இன்று வந்த இந்த ஒரு வேலையை எதில் ஓட்டுவது என்ற கேள்விக்கு அவற்றின் வாங்கிய விலையைச் சேர்க்கக் கூடாது. வங்கித் தவணையும் கட்டட வாடகையும் எந்த இயந்திரத்தில் ஓட்டினாலும் அந்த மாதம் கட்ட வேண்டியவைதான். மாறாச் செலவு என்ற பெயர் பலரை ஏமாற்றுவது இங்கேதான். எந்தத் தீர்மானத்துக்கு எது மாறாதது என்பதைக் கேள்விதான் முடிவு செய்கிறது. பதிப்பாளருக்கு அது ஒரு புத்தகத்தின் பிளேட் செலவு. புதிய இயந்திரம் வாங்கலாமா என்று யோசிக்கும் அச்சகக்காரருக்கு அது மாதத் தவணை.

இரண்டாவது கேள்வியில் வேறொரு சிக்கலும் வருகிறது. சிறிய டிஜிட்டல் இயந்திரத்துக்கு மாத வாடகை 15,000, பக்கத்துக்கு 60 காசு. பெரியதற்கு மாத வாடகை 60,000, பக்கத்துக்கு 30 காசு என்று இரண்டு ஒப்பந்தங்கள் முன்னால் இருப்பதாக வைப்போம். வாடகையில் 45,000 வித்தியாசம், பக்கத்தில் 30 காசு வித்தியாசம். வகுத்தால் மாதம் 1,50,000 பக்கம். அதற்குக் கீழே சிறியது, மேலே பெரியது. கணக்கில் பிழை இல்லை. ஆனால் சிறிய இயந்திரத்தால் மாதம் 1,20,000 பக்கத்துக்கு மேல் தாங்காது என்றால் அந்தச் சமப்புள்ளியை அது எட்டவே முடியாது. 1,20,000 பக்கம் வரை சிறியதற்கு ஆவது 87,000, பெரியதற்கு 96,000, சிறியதே மலிவு. அதைத் தாண்டி ஒரு பக்கம் கூடினாலும் இரண்டாவது சிறிய இயந்திரம் வேண்டும். உடனே இன்னொரு 15,000 சேர்ந்து செலவு 1,02,000-க்குத் தாவுகிறது, பெரியது மலிவாகிவிடுகிறது. உண்மையான எல்லை 1,50,000-இல் இல்லை, 1,20,000-இல் இருக்கிறது. நேர்கோடு என்று நினைத்தது படிக்கட்டாக இருந்தால் சூத்திரம் தரும் எண் காகிதத்தில் மட்டுமே இருக்கும். விடை வந்ததும் அந்த எண்ணிக்கையை இரண்டு இயந்திரங்களும் உண்மையில் ஓட்ட முடியுமா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தக் குழியில் விழாமல் இருக்கலாம்.

நாவலுக்குத் திரும்பினால், இதுவரை போட்ட கணக்கு ஒன்றைச் சொல்லாமலே ஒப்புக்கொண்டிருக்கிறது. அச்சிட்ட பிரதி எல்லாம் விற்றுவிடும் என்பதே அது. நூலக ஆணை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சிடுவது தமிழ்ப் பதிப்புத் துறையில் நெடுங்காலம் இருந்த வழக்கம். ஆணை நிச்சயமாக வரும் காலத்தில் அது சரியான கணக்கு. ஆணை வராவிட்டால் கட்டுகள் கிடங்கில் ஏறும், கரையானும் ஈரமும் அவற்றைத் தேடி வரும்.

ஆயிரம் பிரதி ஆஃப்செட்டில் அடித்தாகிவிட்டது, செலவு 58,000 ரூபாய். நானூறு மட்டுமே விற்றன. விற்ற பிரதி ஒன்றுக்கு அடக்கம் இப்போது 58 அல்ல, 145 ரூபாய். அதே நானூறைத் தேவைப்படும்போது நூறு நூறாக டிஜிட்டலில் அடித்திருந்தால் மொத்தம் 44,500. பிரதிக்கு 111 ரூபாய் சொச்சம். காரணம், அச்சு முடிந்த கணத்தில் ஆஃப்செட்டின் மாறும் செலவும் மாறாச் செலவாகிவிடுகிறது. ஒரு பிரதி விற்றாலும் 58,000 போனது போனதுதான். டிஜிட்டலில் மட்டுமே விற்பனைக்கு ஏற்பச் செலவு கூடுகிறது. ஆகவே இங்கே இன்னொரு சமப்புள்ளி பிறக்கிறது.

```
(58000 - 500) / 110 = 522.7
```

ஆயிரம் பிரதி அடித்தால் குறைந்தது 523 பிரதி விற்க வேண்டும். அப்போதுதான் ஆஃப்செட்டுக்குப் போனது நியாயமாகும். 500 மட்டும் அடித்தால் 341 விற்றால் போதும், 300 அடித்தால் 269. முதல் சமப்புள்ளி ‘எத்தனை அடிக்கிறோம்’ என்பதைக் கேட்கிறது, இது ‘எத்தனை விற்கும்’ என்பதைக் கேட்கிறது. பதிப்பாளரின் கையில் இருப்பது முதல் எண் மட்டும்தான். 523 என்ற எண்ணைத் தாண்டி முழு ஆயிரமும் விற்றால் ஆஃப்செட் 52,500 ரூபாயை மிச்சமாக்கித் தரும். 300 பிரதியில் விற்பனை நின்றுபோனால் 24,500 ரூபாயைக் கூடுதலாக விழுங்கியிருக்கும். இந்த இரண்டு தொகைகளையும் எழுதிவைத்துக்கொண்டு, இந்த எழுத்தாளரின் முந்தைய புத்தகம் முதல் வருடத்தில் எத்தனை விற்றது என்று பதிவேட்டைப் பார்ப்பதே இந்த இடத்தில் செய்யக்கூடிய நேர்மையான காரியம். கிடங்கு வாடகையையும் முடங்கிய பணத்துக்கான வட்டியையும் சேர்த்தால் 523 இன்னும் மேலே போகும்.

பெரிய எண்ணிக்கையைத் தேடி ஒருவர் ஏன் ஒரே தடவையில் அடிக்கிறார் என்பதும் இதில் விளங்குகிறது. வருடத்துக்கு ஆயிரம் பிரதி தேவை என்பதற்காகச் சமப்புள்ளியான 250-ஐ ஆயிரத்தோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஒவ்வொரு முறை இயந்திரத்தில் ஏற்றும்போதும் மேக்ரெடி மறுபடியும் முதலிலிருந்து நடக்கிறது. ஆயிரத்தைப் பத்து நூறுகளாக ஆஃப்செட்டில் அடித்தால் ஒவ்வொரு நூறும் தனித்தனியே 250-க்குக் கீழேதான். ஒப்பிட வேண்டியது வருடத் தேவையை அல்ல, ஒரு தடவையில் ஏற்றும் எண்ணிக்கையை.

மறுபதிப்பில் மட்டும் ஒரு சலுகை கிடைக்கக்கூடும். முதல் பதிப்பு முடிந்ததும் நல்ல மெஷின்மேன் பிளேட்டை அப்படியே கழற்றி மூலையில் சாய்த்துவிட மாட்டார். மையைத் துடைத்து, கம் கரைசலை மெல்லிய படலமாகப் பூசி, காய்ந்ததும் இடையில் தாள் வைத்து அடுக்குவார். காற்றில் அலுமினியம் கெட்டுவிடாமல் காப்பது அந்தப் படலம். இப்படிக் காத்துவைத்த இருபது உள் பிளேட்டும் நான்கு அட்டை பிளேட்டும் இரண்டாம் பதிப்புக்கு உதவினால் 7,200 ரூபாய் மிச்சம். மாறாச் செலவு 10,800-க்கு இறங்கும். டிஜிட்டலிலும் கோப்பு ஏற்கெனவே தயாராக இருப்பதால் அந்த 500 ரூபாயும் இல்லை. 10,800-ஐ 70-ஆல் வகுத்தால் 154. முதல் பதிப்பில் 200 பிரதிக்கு டிஜிட்டலைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த அதே புத்தகத்துக்கு, மறுபதிப்பில் அதே 200 பிரதிக்கு ஆஃப்செட் மலிவாகிறது. கம் பூசாமல் விட்டு பிளேட்டில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழுந்திருந்தாலோ, நூலில் நான்கு வரியைத் திருத்த ஆசிரியர் விரும்பினாலோ, அந்தந்த பிளேட்டைப் புதிதாகப் போட வேண்டும். திருத்தம் எந்த ஃபாரத்தில் விழுகிறதோ அந்தப் பக்கத்து பிளேட்டுக்கு 300 ரூபாய் கூடும். பிளேட் ஒன்றுக்குச் சமப்புள்ளி நான்கு பிரதிக்குச் சற்று மேல் ஏறும். திருத்தங்கள் எல்லா ஃபாரங்களிலும் சிதறியிருந்தால் அது மறுபடியும் 250-ஐ ஒட்டிப் போய்விடும்.